வைஃபை சிக்னல் முழுசாக இருக்கிறது, நெட் மட்டும் இல்லை: அக்கா மகளின் தேர்வு நாளைப் பற்றி எல்லோரும் கேட்கும் கேள்விகள்

அன்றைக்கு என்னதான் நடந்தது? முதலிலிருந்து சொல்லுங்களேன்.

தென்காசிப் பக்கம் அக்கா வீடு. அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலை 11 மணிக்கு அவளுக்கு ஆன்லைன் தேர்வு. 50 கேள்வி, 60 நிமிடம். கல்லூரி சொன்ன செயலியில், பதிவு செய்த போனில்தான் எழுத வேண்டும். 11:15-க்குள் உள்ளே நுழையாவிட்டால் அவ்வளவுதான், அந்தத் தேர்வு போச்சு.

10:20-க்கு அவள் மாடி அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்தாள். செயலி திறந்தது, பெயர் வந்தது, எல்லாம் ஒழுங்காக இருந்தது. 10:38-க்கு கரண்ட் போனது. அந்தப் பக்கம் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இரண்டு நிமிடத்தில் கரண்ட் வந்துவிட்டது. ஆனால் 10:43-க்கு செயலியைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மேலே வைஃபை சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, பக்கத்தில் ஒரு சின்ன ஆச்சரியக்குறி.

வைஃபையை அணைத்துப் போட்டாள். போனை அணைத்துப் போட்டாள். ஏரோப்ளேன் மோடும் போட்டுப் பார்த்தாள். 10:52-க்கு எனக்குப் போன் வந்தது. நான் திருநெல்வேலியில் ஒரு கல்யாண மண்டபத்தில், மேளச் சத்தத்துக்கு நடுவே இருந்தேன். கேமராவும் நெட்வொர்க்கும் மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால் வீட்டில் நெட் தும்மினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

நெட் கம்பெனி பக்கம்தான் கோளாறு என்று நினைத்திருப்பீர்களே?

அதைத்தான் முதலில் நினைத்தேன். "கீழே போய் ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியுதா பாரு" என்றேன். அந்தப் பெட்டியில் `LOS` என்று ஒரு விளக்கு இருக்கும். ஃபைபரில் வரும் ஒளி நின்றுபோனால் அது சிவப்பாக எரியும் அல்லது மினுக்கும். மரக்கிளை விழுந்து ஒயர் அறுந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், நாமும் வேறு வழி பார்க்கலாம்.

சிவப்பு இல்லை. அதைவிடப் பெரிய சாட்சி ஹாலிலேயே இருந்தது. டிவியில் அக்கா யூடியூபில் சமையல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆக, கம்பெனியிலிருந்து வீட்டுவாசல் வரை நெட் வருகிறது. வீட்டுக்குள் எங்கேயோதான் அறுந்திருக்கிறது.

அப்படியானால் போன்தானே கோளாறு? வேறு என்ன இருக்க முடியும்?

அவளும் அப்படித்தான் முடிவுகட்டினாள். அதற்குக் காரணமும் இருந்தது. அம்மாவின் போனை மாடிக்கு எடுத்து வந்து, தன் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரே அறை, ஒரே மேசை, ஒரே வைஃபை பெயர். அம்மா போனில் நெட் பறக்கிறது, இவள் போனில் இல்லை. "மாமா, என் போன் செத்துடுச்சு" என்று அழத் தொடங்கிவிட்டாள்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடம் மாறுகிறார்கள். ஒரு போன் வேலை செய்து இன்னொன்று செய்யாவிட்டால், செய்யாத போனில்தான் கோளாறு என்று மனசு சொல்லும். ஆனால் அந்த இரண்டு போன்களும் ஒரே வைஃபையில் இருந்தாலும், ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே விவரத்தைக் கொடுத்திருக்கிறதா என்று பார்க்காமல் அப்படிச் சொல்லிவிட முடியாது. சிக்னல் என்பது போனுக்கும் வைஃபை பெட்டிக்கும் நடுவே உள்ள தொடர்பு மட்டும்தான். அதற்கு அப்பால் போன் எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்பது தனி விஷயம். அதை ஒரு எண்ணாகப் போனுக்குச் சொல்லிவிடுவது ரவுட்டரின் வேலை.

அந்த எண்ணை எங்கே பார்ப்பது?

ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் போய், இணைந்திருக்கும் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரப் படத்தை அழுத்தினால் ஒரு பக்கம் திறக்கும். கீழே தள்ளிக்கொண்டே போனால் `IP address` என்றும் `Gateway` என்றும் இரண்டு வரிகள் இருக்கும். சில போன்களில் "மேலும்" என்பது போன்ற ஒரு பொத்தானை அழுத்திய பிறகுதான் தெரியும். ஐபோனில் வைஃபை பெயருக்கு எதிரே உள்ள வட்டத்துக்குள் `i` எழுத்தை அழுத்த வேண்டும். அங்கே கேட்வே என்று இருக்காது, `Router` என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

முதல் எண் அந்தப் போனுக்கு வீட்டுக்குள் கொடுக்கப்பட்ட முகவரி. இரண்டாவது, வெளியே போக வேண்டிய வாசல். தெருவில் நம் வீட்டுக் கதவு எண்ணையும், ஊரை விட்டு வெளியே போகும் சாலையையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுப்பது மாதிரி. சாலை தப்பாக எழுதியிருந்தால் வீடு சரியாக இருந்தும் பயன் இல்லை.

நான் கேட்டதும் அவள் இரண்டு போன்களையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள்.

```
அம்மா போன்
IP address   192.168.1.7
Gateway      192.168.1.1

அவள் போன்
IP address   192.168.0.103
Gateway      192.168.0.1
```

"மாமா, மூணாவது எண் வேற வேறயா இருக்கு. அம்மாவுக்கு ஒண்ணு, எனக்கு சைபர்." இதைக் கண்டுபிடித்தது அவள்தான், நான் இல்லை. நான் அப்போது "ரெண்டும் ஒண்ணுதானே இருக்கும், சும்மா படி" என்ற நினைப்பில் இருந்தேன்.

ஒரு வீட்டுக்குள் இரண்டு வாசல் எப்படி வந்தது?

நான் வைத்ததுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது, மாடியில் சிக்னல் வரவில்லை என்று அக்கா சொன்னார். வீட்டில் பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தது. கீழே உள்ள ஃபைபர் பெட்டியிலிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, பழைய ரவுட்டரின் லேன் துளையில் சொருகி, கீழே இருக்கிற அதே வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அதிலும் வைத்துவிட்டு, பஸ் பிடிக்க ஓடிவிட்டேன். மாடியில் சிக்னல் வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம்.

நான் மறந்தது ஒன்றே ஒன்று. எந்த ரவுட்டரும் தன்னிடம் வரும் போன்களுக்கு முகவரியும் வாசலும் எழுதிக் கொடுக்கும். அந்த வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். ஒரு வீட்டு நெட்வொர்க்கில் அந்த வேலையை ஒருவர்தான் பார்க்க வேண்டும். இங்கே ஃபைபர் பெட்டி பார்த்துக்கொண்டிருந்தது. மாடியில் உள்ள பழைய ரவுட்டரில் அந்த வேலையை நிறுத்தாமல் விட்டுவிட்டேன். அதுவும் தன் பாட்டுக்கு, கேட்கிறவர்களுக்கெல்லாம் "நான்தான் வாசல், 192.168.0.1 வழியாகப் போ" என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் நெட் கிடையாது. அதன் வழியாகப் போனவர்கள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆண்ட்ராய்டு வைஃபையில் சேர்ந்தவுடன் வெளியே ஒரு சின்ன முகவரியைத் தட்டிப் பார்க்கும். பதில் வராவிட்டால் அந்த ஆச்சரியக்குறியைப் போடும். அவள் போன் சொன்னது பொய் இல்லை. வைஃபை இருந்தது, வெளியே போகத்தான் வழி இல்லை.

சித்திரையிலிருந்து ஆடி வரை எப்படிக் கோளாறு இல்லாமல் ஓடியது?

கோளாறு இருந்திருக்கிறது, நாங்கள்தான் கவனிக்கவில்லை.

ஒரு போன் புதிதாக வைஃபையில் சேரும்போது "எனக்கு யாராவது முகவரி கொடுங்கள்" என்று பொதுவாகக் கூவும். இரண்டு பேர் பதில் சொன்னால் பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே எடுத்துக்கொள்ளும். எடுத்த பிறகு, அந்த முகவரியின் கெடு முடிவதற்குள் கொடுத்தவரிடமே போய் நீட்டித்துக்கொள்ளும். வீட்டுப் போன்கள் எல்லாம் பழைய ரவுட்டர் வருவதற்கு முன்பே ஃபைபர் பெட்டியிடம் முகவரி வாங்கியவை. அவை அங்கேயே நீட்டித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தன. வைகாசியில் அத்தை வந்திருந்தபோது, "உங்க வீட்டுல மட்டும் என் போன்ல நெட் எடுக்க மாட்டேங்குது" என்று இரண்டு நாள் புலம்பினார். அவர் போன் பழசு என்று சிரித்துவிட்டு விட்டோம். அது அப்போதே வந்த எச்சரிக்கை.

சரி, அன்று மட்டும் ஏன்? அந்த வாரம் இன்வெர்ட்டர் பேட்டரி பழுது பார்க்கப் போயிருந்தது. அதுவரை கரண்ட் போனாலும் இரண்டு பெட்டியும் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருக்கும், அணையவே அணையாது. அன்றுதான் முதல்முறையாக இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்து, ஒரே நேரத்தில் எழுந்தன. பழைய ரவுட்டர் சின்னப் பெட்டி, அரை நிமிடத்தில் தயாராகிவிடும். ஃபைபர் பெட்டி எழுந்து, ஒளி பிடித்து, கம்பெனியோடு பேசி முடிக்க மூன்று நிமிடமாவது ஆகும். கரண்ட் வந்ததும் மாடியில் வைஃபை உடனே வந்தது, அவள் போன் உடனே ஒட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் முகவரி கொடுக்க விழித்திருந்தது பழைய ரவுட்டர் மட்டும்தான். போட்டியே இல்லை.

அம்மா போன் கீழே இருந்தது. அது ஃபைபர் பெட்டியின் வைஃபை வந்த பிறகுதான் சேர்ந்தது, அதனால் அங்கிருந்தே முகவரி வாங்கிக்கொண்டது. பிறகு மாடிக்கு எடுத்து வந்தபோது, ஒரே பெயர் என்பதால் பழைய ரவுட்டரின் சிக்னலுக்கு மாறினாலும் கையில் இருந்த முகவரியை விடவில்லை. அதனால்தான் அதே மேசையில் அம்மா போன் பறந்தது, இவள் போன் படுத்துக்கிடந்தது.

வைஃபையை அணைத்துப் போட்டாலே புது முகவரி வாங்கியிருக்காதா?

வாங்கலாம், ஆனால் போனுக்கு ஒரு பழக்கம் உண்டு. அதே வைஃபையில் திரும்பச் சேரும்போது "போனமுறை கொடுத்த எண்ணையே தருவீர்களா?" என்று கேட்கும். பழைய ரவுட்டர் அதைச் சந்தோஷமாகத் தலையாட்டிக் கொடுத்துவிடும். போனையே அணைத்துப் போட்டாலும் கதை அதேதான். அவள் அதை மூன்று முறை செய்தாள், மூன்று முறையும் சைபர்தான் வந்தது.

வைஃபையை "மறந்துவிடு" என்று போட்டு, கடவுச்சொல்லைத் திரும்ப அடித்துச் சேர்ந்தால் புதிதாகக் கூவும். அப்போது ஃபைபர் பெட்டி முந்தினால் சரியாகிவிடும், முந்தாவிட்டால் இல்லை. அது சீட்டுக் குலுக்கல். 11:15-க்குக் கதவு சாத்தும் நாளில் சீட்டுக் குலுக்கலை நம்ப நான் தயாராக இல்லை.

பழைய ரவுட்டர் ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தால் முடிந்திருக்குமே?

முடிந்திருக்கும். உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் முதலில் அதைத்தான் செய்யுங்கள். மாடி ரவுட்டரின் கரண்டை அணைத்துவிட்டுக் கீழே போய் ஃபைபர் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தால், போன் அங்கேயே புதிதாகச் சேர்ந்து சரியான வாசலை வாங்கிவிடும்.

இவளுக்கு அது ஒத்துவரவில்லை. அடுத்த வீட்டு வளைகாப்புக்கு வந்தவர்கள் பாதிப்பேர் அக்கா வீட்டு ஹாலில் இருந்தார்கள். மாடியில் பழைய ரவுட்டர் இல்லாமல் சிக்னலே கிடையாது. போன் டேட்டாவை நம்பவும் வழியில்லை. அந்த அறையில் டவர் ஒரு புள்ளிதான் நிற்கும், பேசலாம், அவ்வளவே. மணி அப்போது 11:04.

பிறகு எப்படித்தான் சரிசெய்தாள்?

போனே கேட்டு வாங்குவதை நிறுத்திவிட்டு, சரியான எண்களைக் கையால் எழுதிக்கொடுத்தாள். பழைய ரவுட்டர் முகவரி எழுதிக் கொடுப்பதில் மட்டும்தான் வில்லன். சிக்னலைக் கடத்தும் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்தது. அதன் லேன் துளையில் கேபிள் இருப்பதால், அதன் வைஃபையும் ஃபைபர் பெட்டியும் ஒரே கம்பியில் கோர்த்த மணிகள் மாதிரி. போனுக்குச் சரியான வாசல் தெரிந்துவிட்டால், பழைய ரவுட்டர் வழியாகவே ஃபைபர் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

வைஃபை பெயரின் பக்கத்தில் பென்சில் படம் இருக்கும். அதை அழுத்தி, `Advanced options` திறந்து, `IP settings` என்பதில் `DHCP` இருந்ததை `Static` என்று மாற்றினாள். பிறகு இவற்றை அடித்தாள்.

```
IP address              192.168.1.240
Gateway                 192.168.1.1
Network prefix length   24
DNS 1                   192.168.1.1
DNS 2                   8.8.8.8
```

இங்கே ஒரு நிமிடம் வீணானது. அந்தக் கட்டங்களில் சாம்பல் நிறத்தில் ஏற்கனவே எண்கள் தெரியும். அவை வெறும் மாதிரி. அவள் நிரப்பியாகிவிட்டது என்று நினைத்து `Save`-ஐ அழுத்திக்கொண்டே இருந்தாள், அது அசையவில்லை. "சாம்பல் நிறமா இருந்தா அது காலி, நீ திரும்ப அடி" என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தது.

240 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. அந்த முகவரியை வீட்டில் வேறு யாரும் வைத்திருக்கக் கூடாது. ஃபைபர் பெட்டி சின்ன எண்களிலிருந்து கொடுத்துக்கொண்டு போவதை அம்மா போனின் 7 காட்டியது. 240 வரை போக அந்த வீட்டில் அத்தனை போன் இல்லை. இரண்டு பேருக்கு ஒரே எண் விழுந்தால் இருவருக்கும் நெட் விட்டுவிட்டு வரும், அது இன்னொரு தலைவலி.

11:09-க்கு ஆச்சரியக்குறி மறைந்தது. 11:11-க்கு உள்ளே நுழைந்துவிட்டாள். மண்டபத்தில் நான் விட்ட பெருமூச்சில் பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அம்மா போனிலேயே தேர்வு எழுதியிருக்கலாமே?

முயன்றாள். "பதிவு செய்த சாதனத்தில் மட்டும்" என்று செயலி மறுத்துவிட்டது. உங்கள் தேர்வில் அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால், ஆராய்ச்சி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வேலை செய்கிற போனில் எழுதிவிடுங்கள்.

நடுவில் திரும்பக் கரண்ட் போகவில்லையா?

போனது, 11:40-க்கு. 31 கேள்வி முடித்திருந்தாள். எனக்கு அப்போது தெரியாது, தெரிந்திருந்தால் சாப்பாடு இறங்கியிருக்காது. ஒவ்வொரு விடையும் அடுத்ததற்குப் போகும்போதே சேமிக்கப்படும் செயலி என்பதால் முந்தைய விடைகளுக்கு ஆபத்தில்லை. பழைய ரவுட்டர் முன்பு மாதிரியே முந்திக்கொண்டு எழுந்தது, போனும் அதில் ஒட்டியது. ஆனால் இந்தமுறை போன் யாரிடமும் முகவரி கேட்கவில்லை. ஃபைபர் பெட்டி எழுந்த அடுத்த நொடி நெட் தானாக வந்துவிட்டது. நாலு நிமிடம் போச்சு, அவ்வளவுதான். கடைசி இரண்டு கேள்விக்கு நேரம் போதவில்லை. அதற்கு இன்றுவரை என்னைத்தான் திட்டுகிறாள்.

என் வீட்டில் இரண்டு ரவுட்டரும் 192.168.1.1 என்றே காட்டுகிறது. அப்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

அது இதைவிடக் கெட்டது. இரண்டு பேரும் ஒரே வாசல் எண்ணைச் சொன்னால், போனில் எண்ணைப் பார்த்து எதுவும் தெரியாது. கையால் எழுதிக்கொடுக்கும் வைத்தியமும் பலிக்காது. அந்த எண்ணுக்கு எந்தப் பெட்டி பதில் சொல்லும் என்பது நேரத்துக்கு நேரம் மாறும்.

போனின் பிரவுசரில் `192.168.1.1` என்று அடித்துப் பாருங்கள். ரவுட்டரின் உள்நுழைவுப் பக்கம் வரும். அது எந்தப் பெட்டியின் பக்கம் என்று பெயரையோ மாடல் எண்ணையோ வைத்துத் தெரிந்துவிடும். ஃபைபர் பெட்டியின் பக்கம் வர வேண்டிய இடத்தில் மாடி ரவுட்டரின் பக்கம் வந்தால் பிடிபட்டது. உள்ளே போனால் வெளி இணைப்பு என்ற இடத்தில் `0.0.0.0` என்று இருக்கும். அதாவது அதற்குப் பின்னால் நெட் இல்லை. அப்போது ஒரே வழி அதன் கரண்டைப் பிடுங்குவதுதான்.

`Gateway` என்ற வரியே காலியாக இருந்தால்?

அப்போது இரண்டு பேர் எழுதிக் கொடுப்பது பிரச்சனை இல்லை, ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆண்ட்ராய்டு முகவரி வாங்குவதாகச் சொல்லிக்கொண்டே நிற்கும். ஐபோனில் `169.254` என்று தொடங்கும் எண் வரும். அநேகமாக ரவுட்டர் தொங்கிப்போயிருக்கும். அணைத்து, பத்து நொடி விட்டுப் போடுங்கள். அதற்குத்தான் அந்த வைத்தியம்.

நிரந்தரமாகச் சரிசெய்ய என்ன செய்தீர்கள்?

மறுநாள் பஸ் ஏறிப் போனேன். புது மாடல் ரவுட்டர் என்றால் அமைப்புகளில் `Access Point` என்று ஒரு முறை இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தாலே முகவரி கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு, சிக்னல் கடத்தும் வேலையை மட்டும் பார்க்கும். இந்தப் பழசில் அது இல்லை. கையால்தான் செய்தோம்.

அவள் போனை மறுபடி `DHCP`-க்கு மாற்றி, பழைய ரவுட்டரிடமே முகவரி வாங்க வைத்தோம். அதன் பக்கத்துக்குள் நுழைய அதன் ஆளாக இருக்க வேண்டும். `192.168.0.1` அடித்து உள்ளே போனாள். முதலில் டிஹெச்சிபியை நிறுத்திச் சேமித்தாள். அப்புறம்தான் அந்தப் பெட்டியின் சொந்த எண்ணை `192.168.1.2` என்று மாற்றினாள். இந்த வரிசை முக்கியம். பெட்டியின் எண்ணை முதலில் மாற்றினால் அந்த நொடியே நம் பக்கம் துண்டிக்கப்பட்டுவிடும், நிறுத்த வேண்டியதை நிறுத்தாமலே வெளியே நிற்போம். கடைசியாக, ஃபைபர் பெட்டியின் பக்கத்தில் போய் அது 10-லிருந்து மேலே உள்ள எண்களை மட்டும் கொடுக்கும்படி வைத்தோம். அப்போதுதான் 2 என்ற எண் வேறு எந்தப் போனுக்கும் போகாது.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, இரண்டு பெட்டியையும் வேண்டுமென்றே ஒன்றாக அணைத்துப் போட்டோம். மாடியில் வைஃபை அரை நிமிடத்தில் வந்தது, போன் முகவரி கிடைக்காமல் காத்துக்கொண்டே நின்றது. மூன்று நிமிடம் கழித்து ஃபைபர் பெட்டி எழுந்ததும் `192.168.1.12` வந்தது. முன்பு தப்பான எண்ணை அவசரமாக வாங்கிய போன், இப்போது காத்திருந்து சரியானதை வாங்குகிறது.

கேபிளை லேன் துளையில் போடாமல் வான் துளையில் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே?

இருந்திருக்காது, உண்மைதான். நிறம் வேறாக, தனியாக இருக்கிற அந்தத் துளையில் போட்டால், பழைய ரவுட்டர் ஃபைபர் பெட்டியிடம் நெட் வாங்கித் தன் போன்களுக்குத் தானே வாசலாக நிற்கும். அப்போது 192.168.0.1 சரியான வாசல்தான். ஆனால் மாடியும் கீழும் தனித்தனி வீடு மாதிரி ஆகிவிடும். மாடியில் இருக்கிற போனிலிருந்து கீழே உள்ள டிவிக்குப் படம் அனுப்பினால் டிவி கண்ணில் படாது, பிரிண்டர் கிடைக்காது. அக்காவுக்கு மாடியிலிருந்து டிவியை இயக்க வேண்டும் என்பதால்தான் லேன் துளையில் போட்டேன். முடிவு சரி, செய்ததில்தான் பாதியை விட்டுவிட்டேன்.

பழைய ரவுட்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறதா?

மாடியில், அதே அலமாரியில். மேலே ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறாள்: `192.168.1.2`, `DHCP OFF`. அதற்குக் கீழே சிவப்பு மையில், "மாமா தொடக் கூடாது."